நாடியில் தெரியும் இரண்டு நரம்பு மண்டலங்கள்: பரிவும் எதிர்ப்பரிவும்

ஓய்வாக அமர்ந்திருக்கும் ஆரோக்கியமான இளைஞர் ஒருவரின் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினால், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 70 அல்லது 72 என்று கிடைக்கும். அதே இதயத்துக்கு வரும் நரம்புகளின் செயலை மருந்துகளால் முழுமையாகத் தடுத்துவிட்டால், அது நிமிடத்துக்கு சுமார் 100 முறை துடிக்கும். இதயத்தின் சொந்த வேகம் அதுதான். அப்படியானால் ஓய்வில் இருக்கும்போது ஏறக்குறைய 30 துடிப்புகளைக் குறைத்து வைத்திருப்பது எது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால், தானியங்கு நரம்பு மண்டலத்தின் இரு பிரிவுகளையும் பாடப்புத்தக அட்டவணையை மனப்பாடம் செய்யாமலேயே புரிந்துகொள்ளலாம்.

குறைத்து வைத்திருப்பது வேகஸ் நரம்பு. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்திலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று நெடுந்தூரம் செல்லும் இந்த நரம்பு, எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தின் மிகப் பெரிய கிளையாகும். வகுப்பில் பாராசிம்பதடிக் என்று சொல்லப்படுவது இந்த எதிர்ப்பரிவு மண்டலமே. சிம்பதடிக் எனப்படுவது பரிவு நரம்பு மண்டலம். ஆபத்தில் பரிவு, ஓய்வில் எதிர்ப்பரிவு என்ற வாய்பாட்டை எல்லா மாணவரும் அறிவர். அது தவறன்று, ஆனால் ஒன்று வேலை செய்யும்போது மற்றது உறங்குகிறது என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. உண்மையில் இரண்டும் எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. ஓட்டுநர் ஒருவர் முடுக்கியையும் தடையையும் ஒரே நேரத்தில் மிதித்தபடி, எந்தக் காலை எவ்வளவு அழுத்துவது என்பதை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே வண்டியைச் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். நாம் மணிக்கட்டில் எண்ணுவது அந்த இரண்டு அழுத்தங்களின் கூட்டு விளைவை மட்டுமே.

வேகஸின் இந்தப் பிடியை உங்கள் கையிலேயே உணரலாம். அமைதியாக அமர்ந்து, மணிக்கட்டு நாடியில் விரல் வைத்து, ஐந்து விநாடி மூச்சை இழுத்து ஐந்து விநாடி வெளியே விட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கியும், வெளியே விடும்போது விலகியும் வருவதை இளம் வயதினர் பெரும்பாலும் தெளிவாக உணர முடியும். மூச்சை இழுக்கும்போது வேகஸின் செயல் தளர்கிறது, விடும்போது திரும்புகிறது. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் நாடி எண்ணும்போது இப்படி மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒழுங்கின்மை தென்பட்டால் அது இயல்பானது. மூச்சோடு தொடர்பில்லாமல் தாறுமாறாக வந்தால்தான் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எங்கிருந்து புறப்படுகின்றன

உடற்கூறு விவரத்தில் இந்தக் கட்டுரைக்குத் தேவையானது சிறிதளவே. பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேல்பகுதியிலிருந்தும் புறப்பட்டு, முதுகெலும்பின் இருபுறமும் சங்கிலிபோல் அமைந்துள்ள நரம்பு முடிச்சுகள் வழியாக உடல் முழுவதும் பரவுகின்றன. உறுப்பைச் சென்றடையும் இடத்தில் அவை பெரும்பாலும் நார்அட்ரீனலினை வெளியிடுகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் மூளைத்தண்டிலிருந்து 3, 7, 9, 10 ஆகிய நான்கு மூளை நரம்புகளோடும், தண்டுவடத்தின் அடிப்பகுதியான திரிக நரம்புகள் 2 முதல் 4 வரையிலும் வெளிவந்து, உறுப்புகளுக்கு மிக அருகில் அல்லது அவற்றின் சுவரிலேயே உள்ள முடிச்சுகளை அடைந்து, அசிட்டைல்கோலினை வெளியிடுகின்றன. பத்தாவது மூளை நரம்புதான் மேலே கண்ட வேகஸ். நரம்பு வேதிப்பொருளை வெளியிட்டே இதயத்தை மெதுவாக்குகிறது என்பதை 1921 இல் ஆட்டோ லோவி தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். வேகஸைத் தூண்டிய ஓர் இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இன்னோர் இதயத்தில் விட்டபோது, அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகியது.

பரிவு மண்டலத்துக்கு மட்டும் இன்னொரு கை உண்டு. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளின் உட்பகுதி, பரிவு நரம்பின் கட்டளை வந்ததும் அட்ரீனலினை நேராக இரத்தத்தில் கொட்டுகிறது. நரம்பு எட்டாத இடத்துக்கும் இரத்தம் எட்டும் என்பதால், இந்த விளைவு உடல் முழுவதும் பரவுகிறது. தூண்டுதல் நின்ற பிறகும் சற்று நேரம் நீடிக்கிறது.

இதனால் இரண்டின் வேகமும் வேறுபடுகிறது. சாலையைக் கடக்கும்போது திடீரென்று பக்கத்தில் ஒரு வாகனம் ஒலி எழுப்பினால் முதல் விநாடியிலேயே நெஞ்சு படபடக்கிறது. அந்த முதல் எழுச்சிக்கு வேகஸ் தன் பிடியை விட்டதே முக்கியக் காரணம். அசிட்டைல்கோலினின் விளைவு ஓரிரு துடிப்புகளுக்குள் தோன்றவும் மறையவும் வல்லது. பரிவு நரம்பின் விளைவு முழுமையாக வெளிப்படச் சில விநாடிகள் ஆகும். ஆகவே நாடி 72 இலிருந்து 100 வரை ஏறுவதில் வேகஸ் தளர்வதன் பங்கு பெரிது; 100 ஐத் தாண்டி 130, 150 என்று போக வேண்டுமானால் பரிவு மண்டலம் தன் வேலையைக் காட்டியாக வேண்டும். ஆபத்து நீங்கிய பிறகும் இரண்டு மூன்று நிமிடங்கள் கை நடுங்கிக்கொண்டும் உள்ளங்கை ஈரமாகவும் இருப்பதற்கு இரத்தத்தில் மீந்திருக்கும் அட்ரீனலினும் காரணமாகிறது. படியேறி வந்த நோயாளிக்கோ, அழுது முடித்த குழந்தைக்கோ உடனே நாடி எண்ணாமல் ஐந்து நிமிடமாவது அமரவைத்து எண்ணச் சொல்வது இதனால்தான்.

எழுந்து நிற்பதில் நடப்பது

பயமும் ஓட்டமும் எல்லாப் புத்தகங்களிலும் வரும் எடுத்துக்காட்டுகள். அவற்றைவிட வார்டில் பலமுறை நிகழும், ஆனால் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: படுக்கையிலிருந்து எழுந்து நிற்பது. நின்றவுடன் ஈர்ப்பு விசையால் அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கால்களிலும் வயிற்றின் கீழ்ப்பகுதியிலும் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு குறைகிறது. இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்குகிறது. கழுத்துத் தமனியின் கிளைப்பிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் இந்த இறக்கத்தை உடனே முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. முகுளம் வேகஸின் செயலைக் குறைக்கிறது, பரிவு நரம்புகளின் செயலைக் கூட்டுகிறது. நாடி பத்துப் பதினைந்து துடிப்புகள் உயர்கிறது, கால்களிலும் வயிற்றிலும் உள்ள சிறு தமனிகளும் சிரைகளும் சுருங்குகின்றன, மூளைக்குப் போகும் இரத்தம் குறையாமல் காப்பாற்றப்படுகிறது. நாம் ஒன்றையும் உணர்வதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது இரத்தக் குழாய்கள். இதயத்துக்கு இரண்டு பிரிவுகளின் நரம்புகளும் வருகின்றன. ஆனால் உடலின் பெரும்பாலான இரத்தக் குழாய்களுக்குப் பரிவு நரம்பு மட்டுமே வருகிறது. அவற்றை விரிவாக்குவதற்குத் தனியாக எதிர்ப்பரிவு நரம்பு எதுவும் தேவைப்படுவதில்லை. பரிவு நரம்பு தன் செயலைக் குறைத்தாலே குழாய் விரிந்துவிடும். அட்டவணையில் ஒவ்வோர் உறுப்புக்கும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் அதற்கு நேர்மாறாக ஒன்று என்று எழுதிப் பழகிய மாணவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வியர்வைச் சுரப்பிகளும் அப்படியே: அவற்றுக்குப் பரிவு நரம்பு மட்டுமே வருகிறது. அங்கே மட்டும் அந்த நரம்பு நார்அட்ரீனலினுக்குப் பதிலாக அசிட்டைல்கோலினை வெளியிடுகிறது. விதிவிலக்குபோல் தோன்றும் இந்தச் சிறு விவரத்துக்குக் கட்டுரையின் கடைசியில் பெரிய வேலை இருக்கிறது.

நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர், உடலில் நீர் குறைந்தவர், முதியவர், சில இரத்த அழுத்த மருந்துகளை எடுப்பவர் ஆகியோரிடம் மேற்சொன்ன சரிசெய்தல் போதாமல் போகிறது. படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மறுமுறையும் அளக்கும்போது, மேல் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் அழுத்தம் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது நிலைமாற்ற இரத்த அழுத்தத் தாழ்வு எனப்படும். அந்த நேரத்தில் நாடியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் இறங்கி நாடி நன்றாக ஏறியிருந்தால், நரம்புகள் தம் வேலையைச் செய்கின்றன, உடலில் திரவம்தான் குறைவு என்று பெரும்பாலும் கருதலாம். அழுத்தம் இறங்கியும் நாடி ஏறக்குறைய அசையாமல் இருந்தால், நரம்புகளிலேயே பழுது இருக்கலாம், அல்லது நாடியை ஏறவிடாத மருந்து உள்ளே இருக்கலாம்.

உணவுக்குப் பிறகான ஓய்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதிர்ப்பரிவு நரம்புகள் உமிழ்நீரையும் இரைப்பைச் சுரப்பையும் கூட்டுகின்றன, குடலசைவை விரைவாக்குகின்றன, கண்மணியைச் சுருக்குகின்றன, சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்து சிறுநீரை வெளியேற்றுகின்றன. பரிவு மண்டலம் மேலோங்கும்போது வாய் உலர்வதும், பசி மறைவதும், கண்மணி விரிவதும், தேர்வறைக்குள் நுழையும் எவருக்கும் தெரிந்த அனுபவங்களே.

இரத்தம் எடுக்கும்போது மயங்கிய இளைஞர்

இனி ஒரு நிகழ்வை எண்களோடு பின்தொடரலாம். ஆரோக்கியமான 20 வயது இளைஞர் ஒருவர் இரத்தப் பரிசோதனைக்காக நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். வந்தபோது நாடி 76, இரத்த அழுத்தம் 118/74. கையில் இறுக்குப் பட்டையைக் கட்டி, ஊசியின் உறையைக் கழற்றும்போது நாடி 104, அழுத்தம் 132/84. இது நாம் எதிர்பார்க்கும் பரிவு மண்டலத்தின் எழுச்சி. ஊசி சிரைக்குள் போய்க் குழாயில் இரத்தம் ஏறத் தொடங்குகிறது. அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்துகிறார். ஒருமுறை கொட்டாவி விடுகிறார். மேலுதட்டில் வியர்வை முத்துகள் தெரிகின்றன. முகமும் உதடும் வெளிறுகின்றன. கண் இருட்டிக்கொண்டு வருகிறது, குமட்டுகிறது என்கிறார். அந்த நொடியில் நாடி 44, அழுத்தம் 74/40.

நடந்தது என்ன? ஏறிக்கொண்டிருந்த பரிவு நரம்புச் செயல் இரத்தக் குழாய்களில் திடீரென்று விலகிக்கொண்டது. அதே நேரத்தில் வேகஸ் இதயத்தின் மேல் முழு வலுவோடு இறங்கியது. குழாய்கள் விரிந்தன, இதயம் மெதுவாகியது, இரண்டும் சேர்ந்து அழுத்தத்தைச் சரித்தன. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் உடலில் இதயத்தைவிட உயரத்தில் இருக்கும் மூளைக்கு இரத்தம் போதவில்லை. இதையே வேசோவேகல் மயக்கம் என்கிறோம். பெயரின் முற்பாதி குழாயையும் பிற்பாதி வேகஸையும் குறிக்கிறது. மாணவர்கள் பிற்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, நாடி குறைந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எண்ணிவிடுகிறார்கள். நாடியை மட்டும் உயர்த்தினாலும், குழாய்கள் விரிந்திருக்கும்வரை அழுத்தம் முழுமையாகத் திரும்பாது. ஆகவே இங்கே முதல் சிகிச்சை மருந்தன்று, படுக்கவைப்பது.

அவர் வியர்த்திருக்கிறாரே, வெளிறியிருக்கிறாரே, அவை பரிவின் அடையாளங்கள் அல்லவா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆம், அவைதான். தசைகளின் குழாய்களில் பரிவு நரம்பு விலகிக்கொண்டாலும், வியர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் பரிவு நரம்புகள் இயங்கிக்கொண்டே இருக்கின்றன; இரத்தத்தில் அட்ரீனலினும் உயர்ந்திருக்கிறது. இரண்டு பிரிவுகளும் உறுப்புக்கு உறுப்பு தனித்தனியாக ஏறவும் இறங்கவும் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. எனவே தோலைத் தொட்டுப் பார்த்து மட்டும் முடிவுக்கு வர முடியாது; நாடியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். இறுக்குப் பட்டையை முதலில் அவிழ்த்து, ஊசியை எடுத்து, பஞ்சால் அழுத்திப் பிடித்தபடி, உதவிக்கு ஒருவரை அழைத்து, மயங்குபவர் கீழே விழாமல் தாங்கிச் சமதளத்தில் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். கால்களில் தேங்கிய இரத்தம் இதயத்துக்குத் திரும்பும்; மூளையும் இதயத்தின் மட்டத்துக்கு வந்துவிடும். நினைவு இழந்த சில விநாடிகளில் கைகால்கள் வெட்டி இழுக்கக்கூடும். மூளைக்கு இரத்தம் குறைந்ததால் வரும் இந்தக் குறுகிய அசைவு வலிப்பு நோய் அல்ல. ஆனால் எத்தனை விநாடி நீடித்தது, விழித்ததும் தெளிவாகப் பேசினாரா என்பவற்றைக் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும். நம் இளைஞர் அரை நிமிடத்தில் கண் திறக்கிறார். இரண்டு நிமிடத்தில் நாடி 62, அழுத்தம் 100/64. நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி உடனே எழ முயல்கிறார். அங்கேதான் தவறு நேர்கிறது. குழாய்கள் இன்னும் பழைய இறுக்கத்துக்குத் திரும்பவில்லை என்பதால், எழுந்தால் மறுபடியும் விழுவார். பத்துப் பதினைந்து நிமிடம் படுக்கவைத்து, பிறகு உட்காரவைத்து, மீண்டும் அழுத்தம் பார்த்து, அதன் பின்பே நிற்கவிட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் நினைவு திரும்பாவிட்டாலோ, நெஞ்சுவலி என்றாலோ, மூச்சோ நாடியோ தெரியாவிட்டாலோ, இது சாதாரண மயக்கம் என்ற எண்ணத்தைக் கைவிட்டு அவசரக் குழுவை அழைக்க வேண்டும்.

வேகஸ் இப்படித் திடீரென்று ஓங்கும் சந்தர்ப்பங்கள் வார்டில் வேறும் உண்டு. மலம் கழிக்க மூச்சடக்கி முக்குவது ஒன்று. மூச்சுக்குழாயில் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சுவது இன்னொன்று. சளி உறிஞ்சும்போது குழாயின் நுனி சுவரைத் தொட்டு வேகஸைத் தூண்டுகிறது, உறிஞ்சலோ ஆக்ஸிஜனையும் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்து நாடியைச் சட்டென்று இறக்கலாம். ஒரு முறை உறிஞ்சுவது 10 முதல் 15 விநாடிகளைத் தாண்டக் கூடாது என்ற விதியின் பின்னால் இதுவும் இருக்கிறது. மானிட்டரில் நாடி விழத் தொடங்கினால் உடனே குழாயை வெளியே எடுத்து ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும்.

நாடி ஆபத்தான அளவுக்குக் குறைந்து நீடித்தால் மருத்துவர் அட்ரோபின் கொடுக்கச் சொல்வார். வயது வந்தவருக்கு வழக்கமாகச் சிரை வழியாக 1 மில்லிகிராம். அது இதயத்தை நேரடியாக விரட்டுவதில்லை. அசிட்டைல்கோலின் வந்து அமரும் இடங்களை அடைத்துக்கொண்டு வேகஸின் பிடியை நீக்குகிறது, அவ்வளவே. ஆனால் அந்த அடைப்பு இதயத்தோடு நிற்பதில்லை. வாய் உலரும், பார்வை மங்கும், குடலசைவு குறையும், சிறுநீர் இறங்காமல் தங்கும். எதிர்ப்பரிவு எங்கெங்கே வேலை செய்கிறது என்பதை அட்டவணையைவிட, அட்ரோபின் கொடுக்கப்பட்ட நோயாளி நன்றாகக் கற்றுத்தருவார். மாற்று இதயம் பொருத்தப்பட்டவரிடம் அட்ரோபின் பொதுவாகப் பலன் தராது. அறுவையின்போது வேகஸ் துண்டிக்கப்பட்டுவிட்டதால் நீக்குவதற்கு அங்கே பிடியே இல்லை. அத்தகையவரின் ஓய்வு நாடி 90 முதல் 100 வரை இருப்பதும் அதனால்தான்.

இரத்தம் கசியும் நோயாளி

இப்போது எதிர்த் திசையில் ஒரு நோயாளி. வயிற்று அறுவை முடிந்து வார்டுக்கு வந்த 60 கிலோ எடையுள்ளவர், உள்ளே மெல்லக் கசிந்துகொண்டிருக்கிறார். வெளியே காயக்கட்டின் மேல் எதுவும் தெரியவில்லை. மாலை 4 மணிக்கு நாடி 78, அழுத்தம் 124/78. 5 மணிக்கு நாடி 92, அழுத்தம் 122/84. 6 மணிக்கு நாடி 112, அழுத்தம் 116/90. 7 மணிக்கு நாடி 130, அழுத்தம் 86/58.

ஏழு மணி அளவைப் பார்த்து யாரும் ஓடிவருவார்கள். ஆறு மணி அளவைப் பார்த்து, அழுத்தம் 116 இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறார் என்று எழுதிவிட்டுப் போவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அந்த 116 ஐப் பரிவு மண்டலம் முழு மூச்சில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரத்தம் குறையக் குறைய அது இதயத்தை விரைவாக்கியது. தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் குழாய்களை இறுக்கியது. குழாய்கள் இறுகியதால் கீழ் அழுத்தம் ஏறியது, வெளியேறும் இரத்தம் குறைந்ததால் மேல் அழுத்தம் மெல்ல இறங்கியது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 4 மணிக்கு 46, 5 மணிக்கு 38, 6 மணிக்கு 26. மேல் அழுத்தம் இயல்பாகத் தோன்றிய நேரத்திலேயே இந்தச் சுருக்கம் எச்சரித்துவிட்டது. கூடவே கைகால்கள் குளிர்ந்து ஈரமாயிருக்கும். நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேலாகும். மணிக்குச் சிறுநீர் 30 மில்லிக்குக் கீழே, அதாவது கிலோவுக்கு அரை மில்லிக்குக் குறைவாக இறங்கும். காரணம் சொல்லத் தெரியாத பதற்றம் இருக்கும். பதற்றத்தைப் பயம் என்று கருதித் தூக்க மருந்து கேட்பதற்கு முன், மேற்சொன்ன நான்கையும் பார்த்துவிட வேண்டும்.

மயங்கிய இளைஞரும் இவரும் வெளிறியும் வியர்த்தும் அழுத்தம் குறைந்தும் ஒரே மாதிரித் தோன்றலாம். முதலாமவரின் நாடி மெதுவாக இருக்கிறது, படுக்கவைத்ததும் நிமிடங்களில் மீள்கிறார். இரண்டாமவரின் நாடி விரைந்தும் மெலிந்தும் இருக்கிறது, படுத்திருந்தும் மோசமாகிறார்.

ஆனால் இந்த வேறுபாட்டை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது. மெட்டோப்ரோலால், அட்டெனோலால், ப்ரோப்ரானோலால் போன்ற பீட்டா தடுப்பான்களை எடுப்பவரின் இதயம் பரிவு நரம்பின் கட்டளைக்குச் சரிவர இணங்காது. எவ்வளவு இரத்தம் போனாலும் நாடி 80, 85 என்ற அளவிலேயே நிற்கக்கூடும். பல ஆண்டு சர்க்கரை நோயால் தானியங்கு நரம்புகள் பழுதடைந்தவரிடமும் அப்படியே. இவர்களுக்கு நாடியை நம்பாமல் தோல், சிறுநீர், அழுத்த இடைவெளி, மன நிலை ஆகியவற்றை நம்ப வேண்டும். பணி மாறும்போது மருந்துப் பட்டியலில் பீட்டா தடுப்பான் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது இதற்காகவே.

அதே மருந்து இன்னோர் இடத்திலும் அடையாளத்தை மறைக்கிறது. இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கும்போது உடல் அட்ரீனலினைச் சுரந்து எச்சரிக்கிறது. படபடப்பு, கைநடுக்கம், பசி, வியர்வை ஆகியவை வருகின்றன. பீட்டா தடுப்பான், குறிப்பாக ப்ரோப்ரானோலால், படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கிவிடும். வியர்வையை மட்டும் அதனால் அடக்க முடியாது. ஏனென்றால் வியர்வைச் சுரப்பியில் பரிவு நரம்பு வெளியிடுவது அசிட்டைல்கோலின், அதற்கும் பீட்டா ஏற்பிகளுக்கும் தொடர்பில்லை. ஆகவே இன்சுலினும் பீட்டா தடுப்பானும் எடுக்கும் ஒருவர், காய்ச்சலோ வெயிலோ இல்லாமல் திடீரென்று வியர்த்து நனைந்திருந்தால், நாடி 68 என்று அமைதியாக இருந்தாலும், முதலில் குளுக்கோமீட்டரை எடுத்து விரல் நுனியில் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.